பிளாண்டேஷன் ஏ: ஒரு சல்லடையும் ஒரு கருப்புக் கொட்டையும்

போன வாரம் காபித்தூள் வாங்க ஒரு கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னாடி நின்ன ஒரு பெரியவர், "அரை கிலோ பிளாண்டேஷன் ஏ, கால் கிலோ பீபெரி, சிக்கரி வேண்டாம்"னு சொன்னார். கடைக்காரர் மறு பேச்சே இல்லாம அளந்து மெஷின்ல கொட்டினார். அவர் போனப்புறம் நான் கடைக்காரர்கிட்ட கேட்டேன்: "அண்ணே, இந்த 'ஏ'ன்னா என்ன?" அவர் சிரிச்சுக்கிட்டே, "ஏ-ன்னா ஏ கிரேடு தம்பி, ஃபர்ஸ்ட் குவாலிட்டி"ன்னார்.

அந்தப் பதில்ல பாதிதான் சரி. அந்த மறுபாதியைத் தேடிப் போனா, நியூயார்க்குல ஒரு பெரிய வியாபாரி திவாலான கதை வருது, பிரேசில்ல ஒரு கருப்புக் கொட்டை அளவுகோலா மாறின கதை வருது, நீலகிரியில கூடலூர் பக்கம் ஒரு சின்ன வண்டு வந்து சேர்ந்த கதையும் வருது. இன்னைக்கு எபிசோடு அதைப் பத்திதான்.

முதல்ல அந்த இரண்டு வார்த்தையையும் பிரிச்சுப் பார்ப்போம். "பிளாண்டேஷன்"ங்கிறது இடத்தோட பேரோ, எஸ்டேட்டோட பேரோ கிடையாது. நம்ம நாட்டுக் காபி வியாபாரத்துல அது பதப்படுத்தின முறையைச் சொல்ற வார்த்தை. அரபிகா பழத்தைப் பறிச்ச உடனே பல்பர்ல போட்டுத் தோலை நீக்கி, ஊறவெச்சு, வழவழப்பைக் கழுவி, மேல் ஓடோட காய வெச்சு, அப்புறம் அந்த ஓட்டையும் எடுத்துட்டா கிடைக்கிற கொட்டைக்கு "பிளாண்டேஷன்"னு பேர். பழத்தை அப்படியே தோலோட வெயில்ல காயப்போட்டு எடுத்தா அது "செர்ரி". இந்தப் பேர் வழக்கத்துக்குப் பின்னால பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கை இருக்கு. தேயிலைக்கு முன்னாடி அங்க காபிதான் ராஜா. வெள்ளைக்காரங்க எஸ்டேட்கள்ல கழுவி எடுத்த கொட்டையை வியாபாரிகள் "பிளாண்டேஷன்"னும், ஊர்க்காரங்க தோட்டத்துல விளைஞ்சதை "நேட்டிவ்"னும் பிரிச்சு விலை போட்டாங்க. அந்த எஸ்டேட்கள்ல வேலை செஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்க தமிழ்நாட்டுலேருந்து கப்பல் ஏறிப் போனவங்க.

இப்ப "ஏ". இது ஒரு சல்லடையோட கதை.

காபிக் கொட்டைச் சல்லடைங்கிறது நம்ம வீட்டு மாவு சலிக்கிற கம்பி வலை மாதிரி இருக்காது. அது ஒரு தகடு. அதுல ஒரே அளவுல வட்டமா துளை போட்டிருக்கும். துளையோட அளவை ஒரு அங்குலத்துல 64-ல் இத்தனை பங்குன்னு சொல்வாங்க. 17-ஆம் நம்பர் சல்லடைன்னா துளையோட விட்டம் ஒரு அங்குலத்துல 64-ல் 17 பங்கு. அதாவது ஏறக்குறைய ஆறே முக்கால் மில்லிமீட்டர். நம்ம நாட்டுத் தரக்கணக்குல அதை 6.65 மில்லிமீட்டர்னு எழுதுவாங்க. 18-ஆம் நம்பர் இன்னும் பெரிசு, 15-ஆம் நம்பர் சின்னது. இந்தத் தகடுகளை ஒன்னு மேல ஒன்னா அடுக்கி, பெரிய துளை மேலயும் சின்ன துளை கீழயும் இருக்கிற மாதிரி வெச்சு, மேல கொட்டையைப் போட்டுக் குலுக்கினா, எந்தக் கொட்டை எந்தத் தட்டுல தங்குதோ அதுதான் அதோட அளவு. 18-ஆம் நம்பர்ல தங்கினா "ஏஏ". 17-ல தங்கினா "ஏ". 15-ல தங்கினா "பி". 14-ல தங்கினா "சி".

அவ்வளவுதான். "ஏ" என்பது முதல்ல அகலம். உள்ள கலந்திருக்கிற உடைசலுக்கும் மோசமான கொட்டைக்கும் ஒரு வரம்பு உண்டு, ஆனா அந்த எழுத்து பிறந்தது சல்லடையிலதான். கப்புல ருசி எப்படி இருக்கும்னு அந்த எழுத்து ஒரு வார்த்தை கூட சொல்லலை.

பீபெரியும் இதே கதைதான். சாதாரணமா ஒரு காபிப் பழத்துக்குள்ள இரண்டு விதை, ஒன்னோட ஒன்னு முகம் பார்த்து ஒட்டிக்கிட்டு இருக்கும். அதனாலதான் கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டை. சில பழத்துல ஒரு விதை மட்டும் வளரும். தள்ள ஆளில்லாததால அது உருண்டையா, பட்டாணி மாதிரி ஆயிடும். அதைப் பிரிக்க வட்டத் துளை உதவாது. நீளத் துளை போட்ட தகடு வேணும். சில இடங்கள்ல சாய்வா ஓடுற பெல்ட்ல விட்டு, உருள்றதை உருளவிட்டுப் பிரிப்பாங்க. உருண்டையா இருக்கிறதால வறுக்கும்போது டிரம்ல நல்லா உருண்டு ஓடும், சூடு எல்லாப் பக்கமும் சமமா ஏறும்னு வறுக்கிறவங்க சொல்வாங்க. ஆனா ஒரே செடியில பறிச்ச தட்டைக் கொட்டையைவிட அதுக்கு ருசி கட்டாயம் அதிகம்னு சொல்ல முடியாது. அரிதா இருக்கிறதுக்குத்தான் பாதி விலை.

அப்ப அளவால ஒரு பயனுமே இல்லையா? இருக்கு, அதுவும் வறுக்கிறவருக்கு ரொம்ப இருக்கு. கடலை வறுக்கிறப்போ பார்த்திருப்பீங்க: பெரிசும் சிறிசும் கலந்து வாணலியில போட்டா, பெரிசு வேகறதுக்குள்ள சிறிசு கருகிடும். காபியும் அப்படித்தான். ஒரே அளவா இருந்தா ஒரே நேரத்துல ஒரே நிறத்துக்கு வரும். அதனால "ஏ"ங்கிற எழுத்தைவிட வாங்குறவர் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்னு: நூறு கிராம் எடுத்துச் சலிச்சா, அந்தத் தட்டுல எத்தனை கிராம் தங்குது? 90 கிராம் ஒரே தட்டுல தங்கினா வறுவல் சீரா வரும். 60 தங்கி, மீதி மூணு தட்டுல சிதறினா, மூட்டை மேல என்ன எழுதியிருந்தாலும் தலைவலிதான்.

அளவு இன்னும் ஒன்னு சொல்லும். ஒரே தோட்டம், ஒரே ரகம், போன வருஷம் பாதிக்கொட்டை 17-ல தங்குச்சு, இந்த வருஷம் எல்லாம் 15-க்கு இறங்கிடுச்சுன்னா, காய் பெருக்கிற மாசங்கள்ல மழை ஏமாத்தியிருக்கலாம், இல்ல செடி தாங்குறதுக்கு மேல காய்ச்சிருக்கலாம். ஆனா இரண்டு வேற ஊர்க் கொட்டையை அளவை வெச்சு ஒப்பிட்டா தப்பாத்தான் முடியும். மரகோஜிப்பேன்னு பிரேசில்ல தோன்றின ஒரு ரகம், யானைக் கொட்டைன்னே சொல்ற அளவுக்குப் பெரிசு. எத்தியோப்பியாவோட நல்ல காபிகள் பலதும் சின்னக் கொட்டை. எத்தியோப்பியாக்காரங்க அதனாலயே ஏ, பின்னு அளவு வெச்சுத் தரம் பிரிக்கிறதில்லை. குறையையும் கப்பையும் பார்த்துத்தான் ஒன்னு, இரண்டுன்னு போடுறாங்க.

சரி, இந்தக் "குறை" எங்கேருந்து வந்தது? இதுக்கு நாம நியூயார்க் போகணும்.

1870-களில் அமெரிக்காவோட காபி வியாபாரம் ரொம்பச் சில கைகள்ல இருந்தது. அதுல பெரிய கை பெஞ்சமின் கிரீன் அர்னால்டுன்னு ஒருத்தர். கப்பல்ல வர்ற காபியை மொத்தமா வாங்கிக் குவிச்சு, விலையை ஏத்திப் பிடிச்சு வெச்சிருப்பார். பிரேசில்ல விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் பெருக, பிடிச்ச பிடி நழுவிச்சு. 1880 கடைசியில அவரோட கம்பெனி விழுந்தது. கூடவே வேற பல வியாபாரிகளும் விழுந்தாங்க. அந்த அடியில பாடம் கத்துக்கிட்டவங்க சேர்ந்து 1882 மார்ச்சுல நியூயார்க் காபி எக்ஸ்சேஞ்சைத் திறந்தாங்க. இன்னும் ஆறு மாசம் கழிச்சு வரப்போற காபிக்கு இன்னைக்கே விலை பேசி ஒப்பந்தம் போடலாம். விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே ஆள் மூழ்க வேண்டாம்னு யோசனை.

ஆனா இங்க ஒரு சிக்கல் முளைச்சது. இன்னும் செடியிலயே இருக்கிற காபியை, கண்ணால பார்க்காம வாங்குறீங்க. ஆறு மாசம் கழிச்சு மூட்டை வந்து இறங்குது. உள்ள பாதி கருப்பு, கல்லு, குச்சி. "நான் பேசினது இதில்லையே"ம்பார் வாங்கினவர். "காபின்னுதானே எழுதியிருக்கு"ம்பார் வித்தவர். கோர்ட்டுக்குப் போகாம இதைத் தீர்க்கணும்னா, நல்ல காபி, மட்டக் காபிங்கிற பேச்சை ஒரு எண்ணா மாத்தியாகணும். ருசி எண்ணா மாறாது. ஆளுக்கு ஆள் வேற. எண்ணக்கூடியது ஒன்னுதான் இருந்தது: கெட்டுப்போன கொட்டை.

அதுக்கு அவங்க பிடிச்ச அளவுகோல் கருப்புக் கொட்டை. முழுசா கருத்த ஒரு கொட்டை, ஒரு குறை. மத்த எல்லாத்தையும் அதோட ஒப்பிட்டு எடை போட்டாங்க. ஐஞ்சு உடைஞ்ச கொட்டை சேர்ந்தா ஒரு கருப்புக்குச் சமம், இப்படி. அந்தக் காலத்து நாணயக் கணக்கு மாதிரி நினைச்சுக்கோங்க. கருப்புக் கொட்டைதான் ரூபா, மத்ததெல்லாம் அணா, பைசா. குறையோட மொத்தத்தை வெச்சு நம்பர் போட்டாங்க. ரியோ துறைமுகத்துலேருந்து வர்ற 7-ஆம் நம்பர் காபி அடிப்படை விலை. அதைவிட நல்ல நம்பர் கொண்டுவந்து கொடுத்தா இத்தனை சென்ட் கூட, மட்டமான நம்பர்னா இத்தனை சென்ட் கழிவு.

இதே கணக்கைப் பிரேசில் எடுத்து வளர்த்து இன்னைக்கு வரைக்கும் வெச்சிருக்கு. 300 கிராம் பச்சைக் கொட்டையைக் கருப்புத் தாள் மேல கொட்டி, கையால பிரிச்சு எண்ணுவாங்க. 4 குறை வரைக்கும் டைப் 2. 12 வரை டைப் 3. 26 வரை டைப் 4. அப்படியே போய் 360-ல டைப் 8. டைப் 1 ஏன் இல்லைன்னு கேட்டா, குறையே இல்லாத மூட்டைன்னு ஒன்னு கிடையாதுன்னு ஆரம்பத்திலேயே ஒத்துக்கிட்ட மாதிரிதான். எனக்கு இந்த நேர்மை ரொம்பப் பிடிச்சிருக்கு.

இப்ப ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது நான் கற்பனையா எடுத்த கணக்கு, விதிகள் பிரேசில் விதிகள்.

முதல் மூட்டையோட 300 கிராமைப் பிரிச்சோம். 6 கருப்பு, அது 6 குறை. புளிச்சுப்போன கொட்டை, அதாவது உள்ளயும் வெளியயும் பழுப்பேறிக் காடி வாசம் அடிக்கிறது, 8. இரண்டுக்கு ஒரு குறை, ஆக 4. உடைசல் 30, ஐஞ்சுக்கு ஒன்னு, 6 குறை. பழுக்காத பச்சைக் காயிலேருந்து வந்த கொட்டை 25. ஐஞ்சுக்கு ஒன்னு, 5 குறை. உள்ள குடைஞ்ச மாதிரி கூடா இருக்கிற சிப்பிக் கொட்டை 9. மூணுக்கு ஒன்னு, 3 குறை. மொத்தம் 24. டைப் 4.

இரண்டாவது மூட்டை. கருப்பு இல்லை, புளிச்சது இல்லை, பச்சையும் இல்லை. ஆனா உடைசல் மட்டும் 75. அது 15 குறை. சிப்பி 27, அது 9 குறை. மொத்தம் 24. இதுவும் டைப் 4.

காகிதத்துல இரண்டும் ஒரே காபி. ஒரே விலை. ஆனா குறை எதுனால வந்ததுன்னு கேட்டுப் பாருங்க. இரண்டாவது மூட்டையில உடைசல் ஏன்? பல்பரையோ ஓடு நீக்குற மெஷினையோ சரியா செட் பண்ணலை, இல்ல கொட்டையை அளவுக்கு மேல காய வெச்சுட்டாங்க, நொறுங்கிடுச்சு. சிப்பிங்கிறது பெரும்பாலும் செடியோட இயல்பு. இரண்டும் வறுக்கும்போது தொல்லை தரும்; சில்லு சீக்கிரம் கருகும். ஆனா பழம் கெட்டுப்போகலை.

முதல் மூட்டை வேற கதை சொல்லுது. கருப்பு எப்படி வரும்? பழம் செடியிலேயே காய்ஞ்சு கீழ விழுந்து, மண்ணுல கிடந்து ஊறினதை வாரி எடுத்திருப்பாங்க, இல்ல நோய் பிடிச்ச காயா இருக்கும். புளிப்பு ஏன்? பறிச்ச பழத்தை அன்னைக்கே பல்பர்ல போடாம மூட்டை கட்டி ராத்திரி முழுக்க வெச்சிருப்பாங்க, இல்ல தொட்டியில கழுவாம விட்டிருப்பாங்க, புளிச்சுடுச்சு. பச்சைக்காய் ஏன்? பழுத்ததை மட்டும் பொறுக்காம, கிளையோட உருவி எடுத்திருக்காங்க. அதாவது ஆள் பத்தலை, இல்ல கூலி கட்டலை, அறுவடை அவசர அவசரமா நடந்திருக்கு.

இதை டம்ளர் கணக்குல பார்த்தா இன்னும் புரியும். 300 கிராம் பச்சைக் கொட்டையை வறுத்தா ஈரம் போய் சுமார் 255 கிராம் ஆகும். ஒரு டம்ளர் டிகாக்‌ஷனுக்கு 15 கிராம் தூள்னு வெச்சா, 17 டம்ளர். முதல் மூட்டையில கருப்பும் புளிப்பும் சேர்த்து 14 கொட்டை. கிட்டத்தட்ட டம்ளருக்கு ஒன்னு. மொத்தத்துல 1,800-க்கு மேல கொட்டை இருக்கிற குவியல்ல 14 என்ன பெரிசுன்னு தோணும். அரைச்சுட்டா அது எல்லாத்துலயும் கலந்துடும். ஒவ்வொரு வாயிலயும் அந்தக் காடி லேசா எட்டிப் பார்க்கும். இரண்டாவது மூட்டையில அந்த ருசி வராது. எண் ஒன்னு, காபி வேற. அதனாலதான் நல்லா வாங்கத் தெரிஞ்சவங்க மொத்தத்தைக் கேட்டுட்டு விடமாட்டாங்க. பிரிச்ச தாளையே கேட்பாங்க: எது எத்தனை?

பின்னாடி வந்த அமெரிக்க ஸ்பெஷாலிட்டி காபிக்காரங்க இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தாங்க. 350 கிராம் எடுத்து, குறையை இரண்டு வகையாப் பிரிச்சாங்க. முழுக் கருப்பு, முழுப் புளிப்பு மாதிரி ருசியைக் கெடுக்கிறது முதல் வகை. அது ஒன்னுகூட இருக்கக் கூடாது. உடைசல், சிப்பி மாதிரி இரண்டாம் வகை ஐஞ்சு குறை வரைக்கும் போகலாம். நம்ம முதல் மூட்டை இங்க வாசல்லயே நின்னுடும். இரண்டாவதும் 24 குறையோட உள்ள வராதுதான், ஆனா மெஷினைச் சரி பண்ணி, சிப்பியைப் பொறுக்கினா அடுத்த வருஷம் வரலாம்.

எண்ணிப் பார்க்கிறதுல இன்னொரு பெரிய ஓட்டை இருந்தது. அதுக்குப் பேர் ரியோ.

ரியோ வழியா வந்த காபி சிலதுல ஒரு மருந்து வாசம் இருக்கும், அயோடின் பூசின மாதிரி. எண்ணிப் பார்த்தா குறை கம்மியா இருக்கலாம், சலிச்சுப் பார்த்தா அளவு சரியா இருக்கலாம், வாயில வெச்சா ஆஸ்பத்திரி. அந்த வாசத்துக்கு முக்கியக் காரணமான பொருளை 1990-லதான் ஆராய்ச்சியாளர்கள் பிரிச்சுச் சொன்னாங்க. டிரைகுளோரோ அனிசோல்னு பேர். ஒயின் பாட்டிலோட தக்கை கெட்டுப்போனா வர்ற வாசமும் அதேதான். கடுகளவு கூட வேண்டாம், அதுல கோடியில ஒரு பங்கே மூக்குக்குப் போதும். எந்தச் சல்லடையும் அதைப் பிடிக்காது. பிரேசில்காரங்க அதனால டைப் நம்பருக்குப் பக்கத்துலயே கப்போட ருசிக்கும் ஒரு பேர் வெச்சாங்க: மென்மை, கடினம், ரியோ இப்படி. வேடிக்கை என்னன்னா, துருக்கி, லெபனான் பக்கம் அந்த ரியோ வாசத்துக்கே பழகிப்போய், அதைத் தேடி வாங்குறவங்க இருக்காங்க. குறைன்னு நாம சொல்றது இன்னொரு வீட்டுல ருசி.

வாயில வெச்சுப் பார்த்து வாங்கணும்னு முதல்ல பிடிவாதமா இருந்தவங்கள்ல ஒருத்தர் சான் பிரான்சிஸ்கோ தரகர் கிளாரன்ஸ் பிக்ஃபோர்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டோட கடைசிப் பகுதியில அந்தத் துறைமுகத்துக்கு மத்திய அமெரிக்கக் காபி வந்துக்கிட்டிருந்தது. எல்லாரும் பெரிய கொட்டை, பளபளன்னு இருக்கிறதா பார்த்து அதுக்குத்தான் கூட விலை கொடுத்தாங்க. பிக்ஃபோர்டு வறுத்து, அரைச்சு, சுடுதண்ணி ஊத்தி, வரிசையா வெச்சு உறிஞ்சிப் பார்த்தார். கண்ணுக்குச் சுமாரா, சின்னதா இருந்த சில மலைக்காட்டுக் கொட்டை, பெரிய கொட்டையைவிட நல்லா இருந்தது. விலையோ கம்மி. இதைக் கண்டுபிடிச்சவங்களுக்குக் கொஞ்ச காலம் நல்ல வேட்டை. இன்னைக்கு உலகம் முழுக்க நடக்கிற கப்பிங், அதாவது கரண்டியால உறிஞ்சி மதிப்பெண் போடுற பழக்கம், அங்கேருந்துதான் வளர்ந்தது.

இப்ப நம்ம ஊருக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போர்ல ஐரோப்பியச் சந்தை மூடிக்கிச்சு, தென்னிந்தியக் காபி தேங்கிப் போச்சு. 1942 காபிச் சட்டத்தோட, விளைஞ்ச காபியை எல்லாம் காபி போர்டோட பூல்ல கொடுத்துடணும்னு ஏற்பாடு வந்தது. போர்டு அதை ஏலம் விட்டு, பணத்தைத் தவணை தவணையா விவசாயிக்குத் தரும். எவ்வளவுன்னு எப்படி முடிவு பண்றது? ஏ, பி, சி, பீபெரின்னு கிரேடுக்கு ஒரு மதிப்பு. உங்க தோட்டத்துக் காபி கியூரிங் ஒர்க்ஸ் வாசலைத் தாண்டினதும் பக்கத்துத் தோட்டத்துக் காபியோட கலந்துடும். பழுத்ததை மட்டும் ஒன்னொன்னா பொறுக்கி, அன்னைக்கே பல்ப் பண்ணி, மூணு தடவை கழுவினவருக்கும் "ஏ" பணம். சுமாரா பண்ணினவருக்கும் கிட்டத்தட்ட அதே "ஏ" பணம். ருசிக்குன்னு தனியா உழைக்கிறதுல என்ன லாபம்? போருக்குன்னு வந்த ஏற்பாடு ஐம்பது வருஷம் நீடிச்சது. 1992-லேருந்து கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி, 1996-ல விவசாயி தன் காபி முழுசையும் தானே விக்கலாம்னு ஆச்சு. இன்னைக்கு நீங்க பாக்கெட்ல ஒரு எஸ்டேட் பேரைப் படிக்க முடியுதுன்னா அதுக்கப்புறம்தான். நம்ம கடைப் பலகையில மட்டும் பழைய எழுத்து அப்படியே நிக்குது.

கியூரிங் ஒர்க்ஸ் பத்தி ஒன்னு சொல்லியாகணும். எல்லாச் சல்லடைக்கும் அப்புறம், தரையில வரிசையா உட்கார்ந்து, முறத்துல கொட்டையைப் பரப்பி, கருப்பையும் உடைசலையும் கையால பொறுக்குறவங்க பெரும்பாலும் பெண்கள். வியாபாரத்துல அதுக்கு "கார்பிளிங்"னு பேர். இப்ப நிறைய இடத்துல கேமரா வெச்ச மெஷின், கருப்புக் கொட்டை விழும்போதே காத்தை ஊதித் தள்ளிடும். அதனால குறை எண்ணிக்கை கம்மியா இருக்குன்னா, தோட்டத்துல நல்லா வேலை நடந்ததுன்னு மட்டும் அர்த்தம் இல்லை. கெட்டதைப் பொறுக்கி எடுத்துட்டாங்கன்னும் அர்த்தம் இருக்கலாம். நல்லாத் தெரிஞ்சவங்க பொறுக்குறதுக்கு முன்னாடி உள்ள சாம்பிளையும் கேட்பாங்க.

பொறுக்கி எடுத்தது எங்க போகுது? குப்பைக்குன்னு நினைச்சா தப்பு. பிரேசில்ல கருப்பு, பச்சை, புளிப்பு மூணையும் சேர்த்து அவங்க மொழியில பி.வி.ஏ.ன்னு சொல்வாங்க, அதையும் உள்ளூர்ல வாங்கி வறுக்க ஆள் உண்டு. இங்கயும் பிளாக்ஸ், பிரவுன்ஸ், பிட்ஸ்னு ஒரு கிரேடே இருக்கு. கருக வறுத்து, சிக்கரி தாராளமா சேர்த்துட்டா, அதுல என்ன இருந்ததுன்னு நாக்கு கண்டுபிடிக்கிறது கஷ்டம். மலிவுத் தூள் எல்லாமே இப்படின்னு நான் சொல்லலை. ஆனா பொடியா வாங்கும்போது நாம எண்ணுற உரிமையை விட்டுக் கொடுத்துடுறோம்.

குறைகள்ல நம்ம ஊருக்குன்னு ஒரு தேதியோட வந்தது ஒன்னு உண்டு. காபிக் கொட்டையில குண்டூசி முனையளவு ஓட்டை பார்த்திருக்கீங்களா? காய்த்துளைப்பான் வண்டோட வேலை. கடுகைவிடச் சின்ன கருப்பு வண்டு. காய்க்குள்ள துளைச்சுப் போய், விதைக்குள்ளேயே முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும். ஆப்பிரிக்காவுலேருந்து உலகம் சுத்தி, இந்தியாவுல முதல்ல கண்ணுல பட்டது 1990-ல, நீலகிரி கூடலூர்ல. அங்கேருந்து வயநாடு, குடகுன்னு பரவிச்சு. ஓட்டை விழுந்த கொட்டையை எண்ணும்போது வாங்குறவர் பார்க்கிறது இதுதான்: அறுவடை முடிஞ்சப்புறம் செடியிலயும் தரையிலயும் ஒரு பழம்கூட விடாம துப்புரவா எடுத்தாங்களா? மிச்சம் விட்ட பழம்தான் அடுத்த வருஷ வண்டுக்கு வீடு. அந்தத் துப்புரவுக்கும் கூலி ஆள் வேணும். ஓட்டைக் கொட்டை அந்தக் கூலிக் கணக்கைத்தான் காட்டுது.

கடையில கொட்டையா வாங்க வாய்ப்பிருந்தா, நான் இப்ப பண்றது இது. ஐம்பது கிராம் பச்சைக் கொட்டை கேட்பேன். நிறைய பேர் தருவாங்க, கொஞ்சம் விநோதமா பார்ப்பாங்க, பரவாயில்லை. வெள்ளைத் துணியில பரப்புறது. முதல்ல மோந்து பார்க்கிறது. நல்ல கொட்டைக்குப் புல், வைக்கோல் மாதிரி வாசம், கெட்டதுக்குக் காடி, மக்கின சாக்கு. அப்புறம் கருப்பு, பழுப்பு, ஓட்டை, உடைசல்னு நாலு குவியல். 300 கிராம் கணக்குக்கு ஆறால பெருக்கிக்கணும்; சின்ன சாம்பிள்ங்கிறதால கணக்கு முன்னபின்ன இருக்கும், இரண்டு மூணு தடவை எடுத்தா நல்லது. பச்சைக்காய்க் கொட்டை மட்டும் இங்க சரியாத் தெரியாது. வறுத்த கொட்டையைப் பாருங்க: எல்லாம் பழுப்பா இருக்க, ஒன்னு இரண்டு மட்டும் வெளிறி, கடலைப் பருப்பு நிறத்துல நிக்கும். அதைத் தனியா எடுத்து மெல்லுங்க. காகிதம் மென்ன மாதிரி இருக்கும்.

அந்தக் கடைக்கு மறுபடியும் போனேன். பிளாண்டேஷன் ஏ ஐம்பது கிராம், பிளாண்டேஷன் பி ஐம்பது கிராம் பச்சையா வாங்கினேன். பி கொட்டை சின்னது, ஆனா ஒரு கருப்புகூட இல்லை, இரண்டு உடைசல்தான். ஏ-ல அளவு அழகா இருந்தது. இரண்டு பழுப்பு, மூணு ஓட்டை. கடைக்காரர்கிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டு உத்துப் பார்த்தார். "பி தான் தம்பி இந்த மாசம் நல்லா வந்திருக்கு, கிலோவுக்கு விலையும் கம்மி"ன்னார். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "ஆனா போர்டுல ஏ-ன்னு இருந்தாத்தான் கேட்டு வாங்குறாங்க"ன்னார். அரை கிலோ பி வாங்கிட்டு வந்தேன். இதைப் பேசிக்கிட்டே குடிக்கிறது அதுதான்.